மாடித் தொட்டியில் உப்பு எப்போது இறங்கும்?

மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி. நிறைய போர் தண்ணீர். டி.டி.எஸ். மீட்டரை முக்கினால் 2000 காட்டுகிறது. லிட்டருக்கு 2000 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் மட்டும் இந்தியக் குடிநீர்த் தரம் பொறுத்துக்கொள்ளும் கடைசி எல்லை அது. ஏற்கத்தக்க அளவு 500. இப்போது 300 அளவுள்ள நல்ல தண்ணீர் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் விழுகிறது, அதே 10 லிட்டர் குழாய் வழியே வெளியேறுகிறது. 500-க்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

நூறு நிமிடத்தில் ஆயிரம் லிட்டர் வந்துவிடும், பழைய தண்ணீர் முழுதும் போய்விடும் என்று தோன்றும். போகாது. வெளியேறுவது கலந்த தண்ணீர். இப்போது வந்த நல்ல தண்ணீரும் அதோடு சேர்ந்து வீணாகிறது.

ஒரு நிமிடத்தை மட்டும் பார்ப்போம். உள்ளே வரும் உப்பு 10 × 300, அதாவது 3000 மில்லிகிராம். தொட்டியின் அளவு C என்றால் வெளியேறுவது 10 × C. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் லிட்டரில் பரவுகிறது:

dC/dt = (300 − C)/100

இதுதான் வகைக்கெழுச் சமன்பாடு. முதல் நிமிடத்தில் C ஏறத்தாழ 17 இறங்கும். 500-ஐ நெருங்கும்போது நிமிடத்துக்கு வெறும் 2. இறங்க இறங்க வேகமும் குறைகிறது என்பதால் சாதாரண வகுத்தல் இங்கே உதவாது, தொகையிட வேண்டும்.

300-க்கு மேல் எவ்வளவு மிச்சம் என்பதை y என்போம். அப்போது dy/y = −dt/100. இருபுறமும் தொகையிட்டால் ln y = −t/100 + மாறிலி. தொடக்கத்தில் y = 1700. ஆகவே,

C = 300 + 1700 e^(−t/100)

நூறாவது நிமிடத்தில் மீட்டர் 925 காட்டும். 500-க்கு இறங்க y 200 ஆக வேண்டும். 1700-ஐ 200-ஆல் வகுத்தால் 8.5, அதன் இயல் மடக்கை 2.14. ஆக 214 நிமிடம், 2140 லிட்டர் நல்ல தண்ணீர்.

கணக்கு ஒன்றை நம்பித்தான் நிற்கிறது: விழும் தண்ணீர் உடனே முழுதும் கலக்கிறது என்று. உப்புத் தண்ணீர் கனமானது. மெதுவாக விழும் நல்ல தண்ணீர் மேலேயே மிதந்து ஓவர்ஃப்ளோ குழாயில் ஓடிவிட்டால் அடியில் உப்பு அப்படியே கிடக்கும். கண்டுபிடிப்பது எளிது. அரைமணிக்கு ஒருமுறை அடிக்குழாய்த் தண்ணீரை அளந்து, 300-ஐக் கழித்து, இயல் மடக்கை எடுத்து வரைபடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்து, கோடு நூறு நிமிடத்துக்கு 1 வீதம் இறங்கினால் கலப்பு சரி.

தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ஓடவிட்டுக் கழுவாதீர்கள். பாதியைத் திறந்துவிட்டு நிரப்பினால் 1150, மறுபடி செய்தால் 725, மூன்றாம் முறை 512. செலவு 1500 லிட்டர். முழுதும் வடித்துவிட்டு நிரப்பினால் ஆயிரமே போதும், மீட்டரும் 300-லேயே நிற்கும்.