மூத்த மாணவர்களின் மதிய உணவுப் பெட்டி

மூத்த மாணவர்களின் மதிய உணவுப் பெட்டி என்பது 11 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு எடுத்துச் செல்லும் இடைவேளைச் சிற்றுண்டியும் மதிய உணவும் ஆகும். வயதுக்கேற்ற அளவைப் பெட்டியின் கொள்ளளவைக் கொண்டு கணிப்பதைவிட, சமைக்காத பொருளின் எடையைக் கொண்டு கணிப்பது எளிது.

அடிப்படை அளவு (11–13 வயது)

இந்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டம் 6 முதல் 8 ஆம் வகுப்பு வரை ஒரு மாணவருக்கு அரிசி 150 கிராம், பருப்பு 30 கிராம், காய்கறி 75 கிராம், எண்ணெய் 7.5 கிராம் என வரையறுத்துள்ளது. இதிலிருந்து 700 கிலோகலோரி ஆற்றலும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். வீட்டுப் பெட்டிக்கும் இதையே அளவாகக் கொள்ளலாம்.

150 கிராம் அரிசி என்பது 200 மி.லி. டம்ளரில் தலைதட்டி அளப்பதற்குச் சற்றுக் குறைவு. வெந்தபின் அது ஏறத்தாழ 400 கிராம் சாதமாகும். சப்பாத்தியானால் 150 கிராம் மாவில் ஐந்து வரும். இரண்டு சப்பாத்தி மட்டும் வைத்தால் இந்த அளவில் பாதிகூட ஆகாது.

எலுமிச்சை சாதம், புளியோதரை போன்றவற்றில் பருப்பு மிகக் குறைவு. ஆகவே அவற்றுடன் முட்டையோ சுண்டலோ சேர வேண்டும்.

ஒரு வாரத்திற்கான பட்டியல்

| நாள் | சிற்றுண்டி | மதிய உணவு |
|---|---|---|
| திங்கள் | கொய்யா 1 | சாம்பார் சாதம், பீன்ஸ் பொரியல் |
| செவ்வாய் | வாழைப்பழம் 1 | சப்பாத்தி 5, பருப்புக் கூட்டு |
| புதன் | கடலை மிட்டாய் 1 | எலுமிச்சை சாதம், முட்டை 1, கேரட் பொரியல் |
| வியாழன் | வேர்க்கடலை ஒரு கைப்பிடி | கீரை பருப்பு சாதம், உருளைக்கிழங்கு வறுவல் |
| வெள்ளி | வாழைப்பழம் 1 | தயிர் சாதம், கொண்டைக்கடலைச் சுண்டல் அரைக் கோப்பை |

காலை இடைவேளை குறுகியது என்பதால், கையில் ஒட்டாத, விரைவில் தின்று முடிக்கக்கூடிய பண்டமே சிற்றுண்டிக்கு ஏற்றது.

13–15 வயதில் கூட்ட வேண்டியது

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 10–12 வயதில் நாளொன்றுக்கு 2220 கிலோகலோரியாக உள்ள ஆண்பிள்ளைகளின் தேவை 13–15 வயதில் 2860 ஆக உயர்கிறது. பெண்பிள்ளைகளுக்கு அது 2060 இலிருந்து 2400 ஆகிறது. இந்தக் கூடுதலில் மூன்றில் ஒரு பங்கு மதிய வேளைக்கு உரியது எனக் கொண்டால், ஆண்பிள்ளைக்கு ஏறத்தாழ 210, பெண்பிள்ளைக்கு 110 கிலோகலோரி அதிகம் தேவை.

இதற்காகச் சாதத்தைக் கூட்டினால் பெட்டி கொள்ளாது. பிள்ளையும் மிச்சம் வைக்கும். 30 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் செய்த சுண்டலைச் சேர்த்தால் பெண்பிள்ளையின் கூடுதல் தேவை நிறைவடையும். ஆண்பிள்ளைக்கு அதோடு ஒரு முட்டையும் சேர்த்தால் பெரும்பகுதி நிறைவடையும்.

கெடாமல் வைத்தல்

காலை 7 மணிக்குக் கட்டும் உணவு ஐந்து மணி நேரத்திற்கு மேல் வெப்பத்தில் இருக்கிறது. சூட்டோடு மூடினால் ஆவி நீராகிச் சாதம் நசநசக்கும். ஆறியபின் மூட வேண்டும். தேங்காய்ச் சட்னி மதியத்திற்குள் ஊசிவிடும் என்பதால் தவிர்ப்பது நல்லது. தயிர் சாதத்தில், ஆறிய சாதத்துடன் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்தால் மதியம் புளிக்காமல் இருக்கும்.

அளவு சரியா என அறிதல்

பெட்டி காலியாக வந்தும் பிள்ளை மாலையில் ஒரு முழு வேளைச் சாப்பாடு கேட்டால் அளவு போதவில்லை. சாதம் மட்டும் தொடர்ந்து மிஞ்சினால் தொடுகறியோ உண்ணும் நேரமோ போதவில்லை எனக் கொள்ளலாம்.