‘டீம் ஃபுல்’: ஒதுக்கப்பட்ட குழந்தையும் வகுப்புக் குழுவும்

ஒரு மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் மைதானத்தில் ‘லாக் அண்ட் கீ’ ஆட்டம். பிடிபட்டவர் அதே இடத்தில் சிலைபோல நிற்க வேண்டும். தன் அணியில் ஒருவர் ஓடி வந்து தொட்டு ‘கீ’ என்று சொன்னால் மறுபடி ஓடலாம். ஒரு சிறுமி தினமும் வந்து கேட்கிறாள். தினமும் ‘டீம் ஃபுல்’ என்கிறார்கள். ஒரு நாள் ஆசிரியை பார்த்துவிட்டு, “அவளையும் சேத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார். சேர்த்துக்கொள்கிறார்கள். ஆட்டம் தொடங்கியதும் முதலில் அவளைத்தான் பிடிக்கிறார்கள். அதன் பிறகு மணி அடிக்கும்வரை ஒருவரும் வந்து ‘கீ’ சொல்வதில்லை.

யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. கேட்டால், “சேத்துக்கிட்டோமே மிஸ்” என்பார்கள். அது பொய்யும் இல்லை. இரண்டு மூன்று வாரம் இப்படியே போகிறது. ஒரு புதன்கிழமை அவள் அணித்தலைவியைப் பிடித்துத் தள்ளுகிறாள். முழங்கால் சிராய்கிறது. மாலையில் அந்தக் காலின் படம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. “என் பொண்ணு என்ன பண்ணினா?” என்று ஒரு தாய் கேட்கிறார். “என் பொண்ணை மூணு வாரமா என்ன பண்ணினாங்கன்னு கேளுங்க” என்று இன்னொரு தாய் பதில் போடுகிறார். இரவுச் சாப்பாட்டுக்குள் குழு இரண்டாகப் பிரிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் வகுப்பாசிரியர் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு செய்தி அனுப்பியாக வேண்டும். அதைப் பதற்றமில்லாமல் எழுதுவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

முதல் சிக்கல், தள்ளியது கண்ணுக்குத் தெரிகிறது, ஒதுக்கியது தெரிவதில்லை என்பது. சிராய்ப்புக்குப் படம் இருக்கிறது, மூன்று வாரம் சும்மா நின்றதற்கு இல்லை. அதனாலேயே பெரியவர்கள் ஒன்றைக் குற்றமாகவும் மற்றதைச் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு எளிய கணினி விளையாட்டை உருவாக்கினார். திரையில் மூன்று பேர் பந்து போட்டு விளையாடுவார்கள். சோதனைக்கு வந்தவருக்கு முதலில் ஓரிரு முறை பந்து வரும், பிறகு வரவே வராது. மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருப்பார்கள். சில நிமிட விளையாட்டுதான். அதற்கே, வளர்ந்தவர்களின் மனநிலை சரிகிறது, ‘நான் இருப்பதே யாருக்கும் பொருட்டில்லை’ என்ற உணர்வு ஏறுகிறது. அந்த இருவரும் மனிதர்களே அல்ல, வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொன்னபோதும் வலி குறையவில்லை என்று 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எட்டு வயதுப் பெண் வெயிலில் வாரக்கணக்கில் நிற்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே செய்தியில் இரண்டும் இடம்பெற வேண்டும், தனித்தனி வாக்கியமாக. “இரு தரப்பிலும் தவறு இருக்கிறது” என்று எழுதுவது நடுநிலைபோலத் தோன்றும். ஆனால் ஒரு நொடியில் நடந்ததையும் பல வாரம் நடந்ததையும் அது ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. இரண்டு வீட்டாருக்கும் கோபம்தான் மிஞ்சும். கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்:

“மூன்றாம் வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த சில வாரங்களாக மதிய இடைவேளை விளையாட்டில் ஒரு குழந்தை திரும்பத் திரும்ப ஒதுக்கப்பட்டிருக்கிறது. சில நாள் சேர்த்துக்கொண்டும், விளையாட விடாமல் நிற்க வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை இது தள்ளிவிடுவதில் முடிந்து, இன்னொரு குழந்தைக்கு முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டது. பள்ளியில் மருந்து போட்டோம். இரண்டு குடும்பத்தாரிடமும் பேசிவிட்டேன்.

தள்ளியது தவறு என்று அந்தக் குழந்தையிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரைத் தொடர்ந்து ஒதுக்குவதும் தவறு என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இடைவேளையில் நடப்பதைக் கவனிப்பது பள்ளியின் பொறுப்பு.

திங்கட்கிழமையிலிருந்து நானோ விளையாட்டு ஆசிரியரோ மதிய இடைவேளை முழுக்க மைதானத்தில் இருப்போம். வண்ணச் சீட்டு எடுத்து அணி பிரிப்போம். லாக் ஆனவர் இருபது எண்ணும்வரை நின்றால் போதும். அதற்குள் யாரும் வராவிட்டால் தானே ஓடலாம்.

வீட்டில் ‘யார் பண்ணினது?’ என்று விசாரிக்க வேண்டாம். ‘இன்னைக்கு மத்தியானம் யார் யார் விளையாடினீங்க? யாராவது சும்மா நின்னாங்களா?’ என்று கேளுங்கள். பதில் உங்களுக்குக் கவலை தந்தால் பள்ளி முடிந்த பிறகு என்னைக் கூப்பிடுங்கள். குழந்தைகளின் பெயரோ படமோ இந்தக் குழுவில் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து, என்ன மாறியிருக்கிறது என்று எழுதுகிறேன்.”

அவ்வளவுதான். ‘சில மாணவர்கள்’ என்ற சொல் இதில் வேண்டுமென்றே இல்லை. அது வந்தால் முப்பது வீடுகளிலும் ‘அந்தச் சிலர் யார்?’ என்ற ஆராய்ச்சிதான் நடக்கும். அறிவுரை, பொன்மொழி எதுவும் இல்லை. அன்பைப் பற்றிய ஒரு வரியைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும், தெரியும். கொதிப்பில் இருக்கும் பெற்றோர் அதைத் தன் வளர்ப்பைப் பற்றிய தீர்ப்பாகவே படிப்பார். இப்போது அவர் தேடுவது ஒன்றுதான்: திங்கட்கிழமை மதியம் என்ன வேறாக இருக்கும்?

அந்த ‘இருபது எண்ணுவது’ அற்பமாகத் தோன்றலாம். செய்தியிலேயே அதிகம் வேலை செய்யும் வரி அதுதான் என்பேன். ‘எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற உத்தரவை இந்த வகுப்பு ஏற்கெனவே தோற்கடித்துக் காட்டிவிட்டது. ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டு நிற்க வைக்கிறார்கள். எந்த விதியின் ஓட்டையில் அந்தக் குழந்தை மாட்டிக்கொள்கிறாள் என்று பார்த்து, அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். கிரிக்கெட் என்றால் ஓட்டை வேறு இடத்தில் இருக்கும். அங்கே பேட்டிங் வரிசையில் கடைசியில் நிறுத்துவார்கள், முறை வருவதற்குள் மணி அடித்துவிடும்.

விதி போட்டுச் சேர்க்க வைத்தால் விளையாட்டே கெட்டுப்போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. சிகாகோவில் மழலையர் வகுப்பு எடுத்த விவியன் பேலி என்ற ஆசிரியை ‘நீ விளையாடக் கூடாது என்று யாரும் சொல்லக் கூடாது’ என்பதைத் தன் வகுப்பின் விதியாக்கிப் பார்த்து, அந்த அனுபவத்தை 1992-இல் புத்தகமாகவே எழுதினார். விதியைக் கொண்டுவருமுன், ஐந்தாம் வகுப்புவரை ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளிடமே அதைப் பற்றி விவாதித்தார். நியாயமான விதிதான், ஆனால் நடக்காது என்று பெரிய பிள்ளைகள் பலர் சந்தேகப்பட்டார்கள். அவருடைய வகுப்பில் அது நிலைத்தது. தினமும் அதே அறையில் இருந்து அதைக் கவனித்த ஒருவர் அங்கே இருந்தார் என்பதை மறக்கக் கூடாது. மைதானத்தில் ஆசிரியர் நிற்பார் என்ற உறுதி இல்லாமல் சீட்டெடுப்பை மட்டும் அறிவித்தால், இரண்டு நாளில் சீட்டு காணாமல் போகும்.

செய்தியை அனுப்பும் முன் தொலைபேசியை எடுக்க வேண்டும், வரிசையும் முக்கியம். முதலில் ஒதுக்கப்பட்ட குழந்தையின் வீடு. வரைவை அப்படியே படித்துக் காட்டி, “இதுல எந்த வரி உங்களுக்கு உறுத்துது?” என்று கேட்க வேண்டும். பெயர் போடாவிட்டாலும் வகுப்பில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியும். அதனால் அவர்கள் சம்மதம் இல்லாமல் அனுப்பக் கூடாது. அடுத்தது அடிபட்ட குழந்தையின் வீடு. மூன்றாவதாக, விளையாட்டை நடத்தும் இரண்டு மூன்று பிள்ளைகளின் வீடுகள், ஒவ்வொன்றாக. இந்த மூன்றாவது சுற்றுதான் கடினம்.

“என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல மிஸ்.”

“அப்படிப்பட்டவன்னு நான் சொல்லலீங்கம்மா. நேத்து நான் நின்னு பார்த்தேன். இவ ‘கீ’ சொல்லாதேன்னா யாரும் சொல்லலை. இவ பேச்சை மத்தவங்க கேக்கறாங்க. அதனாலதான் முதல்ல உங்ககிட்ட பேசறேன்.”

குணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த உரையாடல் தோற்றுவிடும். பார்த்ததை மட்டும் சொன்னால் தாய்க்கு மறுக்க எதுவும் இருக்காது. ஆகவே ஆசிரியர் உண்மையிலேயே ஒரு முழு இடைவேளை மைதானத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் எழுதும் செய்தியை எவ்வளவு மென்மையாக எழுதினாலும் முதல் கேள்வியிலேயே உடைந்துவிடும்.

செய்தியில் எழுதக் கூடாத இன்னொன்றும் உண்டு. ஒதுக்கப்படும் குழந்தைக்கு ஆட்டத்துக்குள் நுழையும் விதம் தெரியாமல் இருக்கலாம். 1981-இல் மார்த்தா புட்டல்லாஸ், ஜான் காட்மன் இருவரும் செய்த ஆய்வில், பிள்ளைகளிடையே செல்வாக்கில்லாத குழந்தைகள் நுழையும்போது தங்களைப் பற்றிப் பேசினார்கள், நடக்கும் ஆட்டத்தோடு முரண்பட்டார்கள். எளிதில் நுழையும் குழந்தைகள் ஓரமாக நின்று பார்த்து, ஆட்டத்தின் போக்குக்கு ஏற்ற ஒன்றைச் சொல்லி உள்ளே போனார்கள். இது சொல்லிக்கொடுக்கக்கூடிய திறமை. ‘என்னையும் சேத்துக்கங்க’ என்று கேட்டால் முடியாது என்று சொல்வது சுலபம். ‘அந்தப் பக்கம் நான் காவல் நிக்கவா?’ என்று கேட்டால் சற்றுக் கடினம். இதை ஆசிரியரும் தாயும் அந்தக் குழந்தையோடு தனியாகப் பழகிப் பார்க்கலாம். பொதுச் செய்தியில் ஒரு சொல் வந்தாலும், ‘அந்தப் பொண்ணுக்குப் பழகத் தெரியாது’ என்று பழி அவள் மேலேயே திரும்பிவிடும்.

வகுப்பின் முன் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பதையும் தவிர்ப்பது நல்லது. ‘ஸாரி’ என்று வாய் சொல்லும், மறுநாள் மதியம் அதற்கும் சேர்த்துப் பதில் வரும். யாராவது ஒரு பெற்றோர் குழுவிலேயே “யார் அந்தப் பிள்ளைன்னு சொல்லுங்க” என்று கேட்டால், “உங்க குழந்தையைப் பற்றி உங்ககிட்ட பேசறேன், மத்த குழந்தைகளைப் பற்றி அவங்க வீட்டுல பேசறேன்” என்ற ஒரே பதில் போதும். விவாதம் தொடர்ந்தால், சில நாள் குழுவில் நிர்வாகி மட்டும் செய்தி போடும்படி மாற்றிவிடலாம். இரவு எட்டு மணிக்கு மேல் முதல் செய்தியை அனுப்ப வேண்டாம். பேச வேண்டும் என்று துடிப்பவருக்கு அந்த நேரத்தில் கிடைப்பது குழு ஒன்றுதான்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு என்ன பார்ப்பது? இருவரும் தோழிகள் ஆகிவிட்டார்களா என்று பார்க்கத் தேவையில்லை. அது அவர்கள் விருப்பம். ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் அந்தச் சிறுமி எங்கே இருக்கிறாள் என்று பாருங்கள். யாராவது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். பள்ளி நாள் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி நின்றதா என்று தாயிடம் விசாரியுங்கள். மூன்றில் இரண்டு சரியில்லை என்றால் செய்தியால் ஆவது ஒன்றுமில்லை. பள்ளி ஆலோசகரையோ தலைமையாசிரியரையோ நேரில் உட்கார வைத்துப் பேச வேண்டிய நேரம் அது.

பிறந்தநாள் அழைப்பு மட்டும் பாக்கி. பள்ளிக்கு வெளியே யாரை அழைப்பது என்பதில் ஆசிரியர் தலையிட முடியாது. ஆனால் அழைப்பு அட்டை வகுப்பில் கொடுக்கப்படுகிறதென்றால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டிலிருந்து போனில் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று இரண்டாவது செய்தியில் ஒரு வரி சேர்க்கலாம். முதல் செய்தியில் சேர்க்க வேண்டாம். அப்போது அதைப் படித்தால், யாரோ ஒருவர் வீட்டு விழாவைக் குத்திக்காட்டுவதுபோல இருக்கும்.