சாய்ந்த நீள்வட்டத்தில் ஒரு தொடுகோடு

வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது எளிது. மையத்திலிருந்து புள்ளிக்கு ஆரம் இழுத்து, அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டால் போதும். வட்டத்தைச் சற்று அழுத்திச் சாய்த்துவிட்டாலோ இந்த வழி கைகொடுக்காது.

x² + xy + y² = 7 என்ற சமன்பாட்டைப் பாருங்கள். வட்டம் போலவே மூடிய வளைவுதான். ஆனால் சாய்ந்து கிடக்கும் நீள்வட்டம். (1, 2) அதன்மேல் இருக்கிறது, ஏனென்றால் 1 + 2 + 4 = 7. அங்கே தொடுகோட்டின் சாய்வு என்ன?

y-ஐத் தனியே பிரித்தெடுத்து வகையிடலாம். வர்க்கமூலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிரிக்காமலே வகையிடுவதுதான் உட்படு சார்பு வகையிடல். ஒரு புள்ளி வளைவின் மேலேயே நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். x மாறும், கூடவே y-யும் மாறும். ஆனால் இடப்பக்கக் கூட்டுத்தொகை 7-ஐ விட்டு அசையாது. ஆகவே அதன் மாறுவீதம் பூஜ்யம்.

இனி ஒவ்வொரு உறுப்பாக வகையிடுவோம். x² தருவது 2x. y² தருவது வெறும் 2y அல்ல. Y-யே x-ஐச் சார்ந்து மாறுவதால், சங்கிலி விதிப்படி 2y·y′. இங்கே y′ என்பதுதான் நாம் தேடும் சாய்வு. xy-இல் இரண்டுமே மாறுவதால் பெருக்கல் விதிப்படி y + x·y′. மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த உறுப்பில்தான்: ஒரு பாதியை எழுதிவிட்டு மறு பாதியை விட்டுவிடுவார்கள்.

2x + y + x·y′ + 2y·y′ = 0
y′ = −(2x + y)/(x + 2y)

(1, 2)-ஐப் பிரதியிட்டால் சாய்வு −4/5.

விடையைச் சரிபார்க்க, புள்ளியை விட்டுச் சற்றே நகர்ந்து பார்க்கலாம். x-ஐ 1.1 ஆக்கினால், −4/5 சாய்வுள்ள கோட்டில் y = 1.92. வளைவில் உண்மையான மதிப்பு சுமார் 1.918. ஆரத்துக்குச் செங்குத்து என்ற வட்டத்து விதியை நம்பியிருந்தால் சாய்வு −1/2, y = 1.95 என்று வந்திருக்கும். வளைவை விட்டு வெளியே போயிருப்போம்.

விடையில் y-யும் கலந்திருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். x = 1 என்ற இடத்தில் (1, −3) என்ற இன்னொரு புள்ளியும் இருக்கிறது; அங்கே சாய்வு −1/5. எந்தப் புள்ளியைக் கேட்கிறோம் என்று சூத்திரத்துக்குச் சொல்வது y-தான். ஆனால் கொடுத்த புள்ளி வளைவின்மேல் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. (1, 1)-ஐக் கொடுத்தாலும் −1 என்று ஒரு விடை வரும். அந்தப் புள்ளியில் கூட்டுத்தொகை 3 மட்டுமே என்பதால், நம் வளைவைப் பொறுத்தவரை அந்த விடைக்குப் பொருளில்லை. அதனால்தான் முதலில் புள்ளியைச் சோதித்தோம்.

பகுதி x + 2y பூஜ்யமாகும் இடங்களும் உண்டு. x = −2y என்று பிரதியிட்டால் 3y² = 7; y ஏறத்தாழ 1.53 அல்லது −1.53. நீள்வட்டத்தின் இடது, வலது ஓரங்களில் உள்ள அந்த இரு புள்ளிகளிலும் தொடுகோடு செங்குத்தாக நிற்கிறது. அங்கே சாய்வுக்கு எண் மதிப்பு கிடையாது.