இது அண்ணன், அவர் டாக்டர்

கல்யாண ஆல்பத்தில் ஒரு முகத்தைக் காட்டி, "யாரு இது?" என்று கேட்டால், "இது எங்க அண்ணன்" என்று பதில் வரும். அடுத்த மூச்சிலேயே "அவர் டாக்டர்" என்ற விவரமும் வரும். முதல் வாக்கியத்தில் அண்ணனே 'இது' ஆகிறார். இரண்டாவதில் 'அவர்' ஆகிவிடுகிறார். ஆள் யாரென்று காட்டும்வரை 'இது' போதும். யாரென்று தெரிந்தபின் அவரைப் பற்றிப் பேச 'அவர்' வேண்டும். இதைத் தமிழர் யாருக்கும் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

பிரெஞ்சு படிக்கத் தொடங்கியவர்களைத் திணறடிக்கும் 'செ', 'இல் எ' சிக்கலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. 'செ' என்பதற்குள் இருப்பது 'இது' என்னும் சுட்டு. 'இல்' ஆண்பாலுக்கு, 'எல்' பெண்பாலுக்கு. அதே ஆல்பத்தைப் பாரிஸில் ஒருவர் புரட்டினால் "செ மோன் ஃப்ரேர்" (இது என் அண்ணன்) என்பார். தொடர்ந்து "இல் எ மெத்சேன்" (அவர் டாக்டர்) என்பார். தமிழ் மாறும் இடத்தில் பிரெஞ்சும் மாறுகிறது.

வழுக்கும் இடம் அடுத்த வாக்கியம். "அவர் ஒரு நல்ல டாக்டர்" என்பதைத் தமிழ்க்காரர் பெரும்பாலும் 'இல் எ' என்றே தொடங்குவார், தமிழில் 'அவர்' இருப்பதால். பிரெஞ்சுக்காரரோ "செத் அன் போன் மெத்சேன்" என்பார். 'அன்' என்பது 'ஒரு'. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ஒரு', 'என்', 'அந்த' போன்ற சொல் வந்துவிட்டால் 'செ'தான். தொழிற்பெயர் எந்த முன்சொல்லும் இல்லாமல் தனியாக நின்றால் அது ஏறக்குறைய ஒரு பண்புச்சொல்லாகிவிடும். அப்போது 'இல் எ'. ஆகவே "இல் எ மெத்சேன்" சரி, "செத் அன் மெத்சேன்" சரி. இரண்டையும் கலந்து "இல் எத் அன் மெத்சேன்" என்பதே தவறு. முதலாவது அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்கிறது. இரண்டாவது, "யார் அவர்?" என்று கேட்டவருக்கு "ஒரு டாக்டர்" என்று அறிமுகம் செய்கிறது. தமிழில் "அவர் டாக்டர்", "அவர் ஒரு டாக்டர்" என்ற இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும் என்பதால்தான் காது ஏமாறுகிறது.

பொருள்களிடம் வந்தால் தமிழின் அஃறிணை வேறு விதமாக இழுக்கும். வீடு நமக்கு 'அது'. ஆகவே 'செ' என்று வாய் தானாகப் போகும். பிரெஞ்சில் வீடு பெண்பால். "உன் வீடு எப்படி?" என்று கேட்டால், "எல் எ கிரான்த்" (பெரிதாக இருக்கிறது) என்பது இயல்பான பதில். ஆனால் நண்பரின் வீட்டுக்குள் முதன்முறை காலெடுத்து வைத்தவர் "செ கிரான்!" என்று வியக்கலாம். அது வீடு என்ற பொருளைப் பற்றிய தகவலாக இல்லாமல், கண்முன் விரிந்த முழுக் காட்சிக்கும் எழும் வியப்பு. தமிழில் அதை "அடேயப்பா, பெருசா இருக்கே!" என்றுதான் சொல்ல முடியும், எழுவாயே இல்லாத அந்த வாக்கியம் 'செ'வுக்கு மிகப் பொருத்தம். 'கிரான்த்' இங்கே 'கிரான்' ஆனதையும் கவனிக்க வேண்டும். 'செ'வுக்குப் பின்வரும் பண்புச்சொல் பெண்பாலை ஏற்பதில்லை.

இந்த வேறுபாடு மிக அழகாகத் தெரிவது சாப்பாட்டுப் பேச்சில். "ல ப்வாஸோன், செ போன்" என்றால் மீன் என்ற உணவைப் பற்றிய பொதுக் கருத்து: "மீன்னாலே ருசிதான்." "ல ப்வாஸோன், இல் எ போன்" என்றால் இன்று தட்டில் இருக்கும் இந்த மீன்: "மீன் நல்லா இருக்கு." பிரெஞ்சு ஒரு சின்னச் சொல்லை மாற்றிச் செய்வதைத் தமிழ் 'என்றாலே' போன்ற சொற்களைக் கொண்டு செய்கிறது. மொழிபெயர்ப்பாளர் இதைக் கவனிக்காவிட்டால், விருந்தாளி சமைத்தவரைப் பாராட்டிய வாக்கியம் மீனைப் பற்றிய ஒரு பொதுக் கருத்தாகிவிடும்.

மனிதர்களிடத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஒருவர் பரிசு கொண்டுவந்தால் "செ ஜான்தி" என்பார்கள். அவர் செய்த காரியத்தைப் பற்றிய சொல் அது. "எதுக்குங்க இதெல்லாம், ரொம்ப சந்தோஷம்" என்று தமிழ் வீட்டில் வரும் வார்த்தைக்கு நிகர். "இல் எ ஜான்தி" என்றால் அந்த மனிதரின் குணம்: "நல்ல மனுஷர்." அவர் போனபிறகு, அவரைப் பற்றி வீட்டில் பேசும் பேச்சு அது.

இன்னொரு 'இல் எ' உண்டு. அதில் வரும் 'இல்' யாரையும் சுட்டாது. "இல் எ மிதி" என்றால் மணி பகல் பன்னிரண்டு. "கற்பது கடினம்" என்று கட்டுரையில் எழுதுபவர் "இல் எ திஃபிசில் தப்ராந்த்ர்" என்று தொடங்குவார். தெருவில் அதே ஆள் "செ திஃபிசில் தப்ராந்த்ர்" என்பார். 'கடினம்' என்று எழுதிவிட்டு 'கஷ்டம்' என்று பேசும் தமிழருக்கு இந்த இரட்டை வழக்கை விளக்க வேண்டியதில்லை.