நூற்றுக்கு 83 பெரிதா, 78 பெரிதா?

வீட்டில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சைக்குத் திகதி வந்துவிட்டால், எம்மில் பலர் முதலில் செய்வது வெற்றி வீதத்தைத் தேடிப் பார்ப்பதுதான். ஓரிடத்தில் நூற்றுக்கு 83, இன்னோரிடத்தில் 78 என்றிருந்தால் யோசிக்க எதுவும் இல்லை என்று தோன்றும். ஆனால் இரண்டு எண்களும் முற்றிலும் சரியாக இருந்தும் எம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடலாம். சிறுநீரகக் கல் பற்றிய ஓர் உண்மையான கணக்கைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் லண்டன் வைத்தியர்கள் சிலர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கல்லை அகற்றும் முறைகளை அதில் ஒப்பிட்டிருந்தார்கள். ஒன்று, உடலைக் கீறித் திறந்து செய்யும் பழைய சத்திரசிகிச்சை. மற்றொன்று, முதுகுப் பக்கத்தில் சிறு துளையிட்டுக் குழாய் வழியாகக் கல்லை எடுக்கும் அன்றைய புதிய முறை. ஒவ்வொன்றிலும் 350 பேர். திறந்த முறையில் 273 பேருக்கு வெற்றி, அதாவது 78 வீதம். துளை முறையில் 289 பேருக்கு வெற்றி, அது 83 வீதம். புதிய முறையே மேல் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

இப்போது அதே நோயாளிகளைக் கல்லின் அளவுப்படி பிரிப்போம். இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைந்த சிறிய கல் உள்ளவர்களில், திறந்த முறையில் 87 பேரில் 81 பேருக்கு வெற்றி. அது 93 வீதம். துளை முறையில் 270 பேரில் 234 பேர், 87 வீதம்தான். சரி, பெரிய கல்லிலாவது துளை முறை முந்தியிருக்கும் என்று பார்த்தால் அங்கும் இல்லை. திறந்த முறையில் 263 பேரில் 192 பேர், 73 வீதம். துளை முறையில் 80 பேரில் 55 பேர், 69 வீதம். சிறிய கல்லிலும் பழைய முறை முன்னால், பெரிய கல்லிலும் பழைய முறை முன்னால். இரண்டையும் கூட்டினால் மட்டும் அது பின்னால் போய்விடுகிறது!

கூட்டலில் பிழை இல்லை. யார் எந்தச் சிகிச்சைக்குப் போனார்கள் என்பதில்தான் விடயம் இருக்கிறது. பெரிய கல்லை எந்த முறையில் எடுப்பதும் கடினம். திறந்த முறையின் 350 பேரில் 263 பேர் அந்தக் கடினமான கூட்டம். துளை முறையிலோ 80 பேர் மட்டுமே. கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ரியூசன் மாஸ்டரின் பெறுபேறு எப்படி இருக்கும் என்பது எமக்குத் தெரியாததா?

இந்த 700 பேரையும் சேர்த்தால் சிறிய கல் 357, பெரிய கல் 343. இதே கலவையில் இரு முறைகளுக்கும் நோயாளிகள் வந்திருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டோம். திறந்த முறைக்கு ஏறக்குறைய 83, துளை முறைக்கு 78 வருகிறது. எண்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. 1951இல் இதை விளக்கி எழுதிய எட்வர்ட் சிம்ப்சனின் பெயரால் இதைச் சிம்ப்சன் முரண் என்கிறார்கள். அவருக்கு முன்பே சிலர் இதைக் கவனித்திருந்தார்கள்.

அப்படியென்றால் உடலைக் கீறித் திறப்பதே நல்லது என்று யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம். பிரித்த பிறகு உள்ள வித்தியாசம் சிறியது. இவ்வளவு குறைந்த ஆட்களில் அது தற்செயலாகவும் வரலாம். திறந்த சிகிச்சைகள் 1972 முதல் 1980 வரை நடந்தவை, துளைச் சிகிச்சைகள் 1980 முதல் 1985 வரை. இடையில் வேறு பலவும் மாறியிருக்கும். சிறு துளை விரைவில் ஆறிவிடும் என்ற நன்மை இந்த வெற்றிக் கணக்கில் இல்லவே இல்லை.

எதைக் கொண்டு பிரிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கல்லின் அளவு சிகிச்சைக்கு முன்பே இருப்பது, அதனால் அதைக் கொண்டு பிரிப்பது நியாயம். சிகிச்சைக்குப் பிறகு கிருமித் தொற்று வந்தவர், வராதவர் என்று பிரித்தால், சிகிச்சையே உண்டாக்கிய கெடுதலைக் கணக்கிலிருந்து ஒளித்தவர்களாவோம்.

வைத்தியசாலைகளை ஒப்பிடும்போதும் இதுவே நடக்கிறது. சிக்கலான நோயாளிகளை மற்ற வைத்தியசாலைகள் அனுப்பிவைக்கும் பெரிய நிலையத்தின் மொத்த வீதம் குறைவாகத் தெரியலாம். இதய சத்திரசிகிச்சையில் இதற்காகவே வயது, சிறுநீரகத்தின் நிலை, அவசர சிகிச்சையா என்பவற்றைச் சேர்த்து ஒவ்வொருவரின் ஆபத்தையும் கணித்து, அதற்கேற்ப வீதத்தைத் திருத்துகிறார்கள். ஒரு பட்டியலைப் பார்க்கும்போது அப்படித் திருத்தியதா என்று முதலில் பாருங்கள். வைத்தியரிடம் கேட்கும்போதும், "உங்கள் வெற்றி வீதம் என்ன?" என்பதைவிட, "அம்மாவின் வயதிலும் நிலையிலும் உள்ள எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேருக்குச் சரிவந்தது?" என்று கேளுங்கள்.