பேக்கேஜ் மாறினால் படம் என்னவாகும்?

தொலைத்தொடர்புத் திட்டத்தோடு ஸ்ட்ரீமிங் சந்தாவைச் சேர்த்து விற்பது மலேசியாவில் இன்று வழக்கமாகிவிட்டது. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இங்கே வந்தபோது, பெரும்பாலோர் அதற்கு வங்கி அட்டையால்தான் பணம் கட்டினர். பிறகு மேக்சிஸ், யூனிஃபை, ஆஸ்ட்ரோ போன்ற நிறுவனங்கள் தங்கள் பேக்கேஜ்களோடு அதையும் இணைத்துத் தரத் தொடங்கின. அட்டை இல்லாதவர்களுக்கு இது வசதி. சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலும், தோட்டத்தை விட்டு ஈப்போவின் புந்தோங் பகுதிக்கும் சுற்றியுள்ள தாமான்களுக்கும் குடிவந்த குடும்பங்களிலும், ஒரே பில்லில் இணையமும் படமும் வந்துவிடுகின்றன. ஆனால் திட்டத்தை மாற்றும் நாளில், 'படம் ஏன் நின்றுவிட்டது?' என்ற கேள்வியும் வந்துவிடுகிறது.

விடை காண, ஒன்றாகத் தெரியும் மூன்று பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, தொலைபேசி அல்லது இணைய இணைப்பு. இது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டாவது, ஸ்ட்ரீமிங் கணக்கு. மின்னஞ்சல், கடவுச்சொல், பார்த்த படங்களின் பட்டியல், குடும்பத்தாரின் தனித்தனிப் பக்கங்கள் எல்லாம் இதில் அடங்கும். இது நெட்ஃபிளிக்ஸின் கணினியில் இருக்கிறது. மூன்றாவது, இவ்விரண்டையும் கட்டும் உரிமை. 'இந்தக் கணக்குக்கான கட்டணத்தை நாங்கள் செலுத்துகிறோம்' என்று தொலைத்தொடர்பு நிறுவனம் ஸ்ட்ரீமிங் நிறுவனத்துக்குத் தரும் உறுதிமொழி அது. திட்டம் மாறும்போது பாதிக்கப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது மட்டுமே.

உரிமை பிறக்கும் விதம் எளிது. திட்டத்தில் சேர்ந்தவுடன் நிறுவனம் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ தன் செயலியிலோ ஒரு லிங்க் அனுப்புகிறது. அதைத் தட்டினால் நெட்ஃபிளிக்ஸ் பக்கம் திறந்து, ஏற்கெனவே உள்ள கணக்கில் நுழையும்படியோ புதுக் கணக்குத் தொடங்கும்படியோ கேட்கிறது. எந்தக் கணக்கில் நுழைகிறோமோ, அந்தக் கணக்கோடுதான் உரிமை ஒட்டிக்கொள்கிறது. லிங்க்கைத் தட்டாமலே விட்டால், திட்டக் கட்டணத்துக்குள் சந்தாவும் அடங்கியிருக்கும். ஆனால் எந்தக் கணக்கும் திறந்திருக்காது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு முறையும் உண்டு. சந்தாவைப் பயனர் தாமே வாங்கி, கட்டணத்தை மட்டும் தொலைபேசி பில்லில் சேர்க்கச் சொல்வது அது. அங்கே நிறுவனம் வசூல்காரர் மட்டுமே. சந்தா திட்டத்தின் அங்கம் அல்ல. ஆகவே அதே எண்ணில் திட்டத்தை மட்டும் மாற்றினால் பொதுவாகச் சந்தா தொடரும். பேக்கேஜுக்குள் அடங்கிய சந்தாவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. தன்னுடையது எந்த வகை என்பதைப் பில்லே பெரும்பாலும் காட்டிவிடும். நெட்ஃபிளிக்ஸுக்கென்று தனித் தொகை இருந்தால் அது வசூல் வகையாக இருக்கலாம். திட்டத்தின் விவரத்திலேயே பெயர் இருந்து தனித் தொகை இல்லாவிட்டால், அது பேக்கேஜ் வகை.

இனி ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட்டில் இருந்தபோது, இரண்டு திரைகளில் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய ஸ்டாண்டர்ட் சந்தா அடங்கிய திட்டம் அவர்களிடம் இருந்தது. பில் தேதி மாதத்தின் 5. ஈப்போவுக்குக் குடிபெயர்ந்து, 18ஆம் தேதி அதே நிறுவனத்தின் வேறு திட்டத்துக்கு மாறுகிறார்கள். அதிலும் நெட்ஃபிளிக்ஸ் உண்டு என்கிறார் கடைக்காரர். குடும்பத்தின் கண்ணுக்கு எதுவுமே மாறவில்லை. நிறுவனத்தின் கணினியிலோ பழைய திட்டம் ஒரு குறியீடு, புதுத் திட்டம் வேறொரு குறியீடு. பழையது நீங்கியதும், 'இந்தக் கணக்குக்கு இனி நாங்கள் கட்டமாட்டோம்' என்ற செய்தி நெட்ஃபிளிக்ஸுக்குப் போய்விடலாம். புதுத் திட்டத்தின் உரிமையோ, புது லிங்க்கைத் தட்டும் வரை காத்திருக்கும். இடைப்பட்ட நாள்களில்தான் திரையில் கட்டணம் கேட்கும் அறிவிப்பு வருகிறது. மாற்றம் 18ஆம் தேதியே நடக்குமா, அடுத்த பில் தேதியான 5ஆம் தேதியில் நடக்குமா என்பது நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது.

இந்த இடைவெளியில்தான் முக்கியமான தவறு நேர்கிறது. புது லிங்க் வந்ததும் பழைய மின்னஞ்சல் நினைவுக்கு வருவதில்லை. கைப்பேசிக் கடையில் யாரோ திறந்து கொடுத்த மின்னஞ்சலாக இருந்தால், நினைவுக்கு வர வாய்ப்பே இல்லை. எனவே வேறொரு மின்னஞ்சலில் புதுக் கணக்குத் தொடங்குகிறார்கள். படம் ஓடுகிறது, ஆனால் பாதியில் விட்ட தொடர், பிள்ளைகளின் பக்கம் எதுவும் இல்லை. அவை அழிந்துவிடவில்லை, பழைய கணக்கில்தான் இருக்கின்றன. பழைய கணக்கில் எப்போதோ வங்கி அட்டை எண்ணைப் பதிந்திருந்தால் இன்னொரு சிக்கலும் வரலாம். பேக்கேஜ் விலகியபின் கட்டணம் அந்த அட்டைக்குத் திரும்பினால், ஒரே வீடு இரண்டு சந்தாவுக்குப் பணம் கட்டும். முகப்பில் பழைய பட்டியல் காணாமற்போவது முதல் அறிகுறி. வங்கிக் கணக்கில் நெட்ஃபிளிக்ஸ் பெயரில் தொகை கழிவது இரண்டாவது.

அவசரப்பட்டுப் புதுக் கணக்குத் தொடங்கத் தேவையே இல்லை. சந்தா நின்றபின் பார்த்த பட்டியல் முதலியவற்றைப் பல மாதம் வரை வைத்திருப்பது நெட்ஃபிளிக்ஸின் வழக்கம். அதற்குள் அதே மின்னஞ்சலில் மீண்டும் சேர்ந்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். கைப்பேசியில் இறக்கி வைத்த படங்கள் மட்டும் சந்தா நின்றதும் பார்க்க முடியாமல் போகும்.

மாறும் திட்டத்தில் சந்தா இருந்தாலும் அதன் தரம் குறைந்திருக்கலாம். மலேசியாவில் 2019 அக்டோபரில் 17 வெள்ளிக்கு அறிமுகமான மொபைல் சந்தா, ஒரே கைப்பேசியிலோ டேப்லட்டிலோ மட்டும் பார்க்கத் தந்தது; தொலைக்காட்சியில் ஓடாது. இப்படிப்பட்ட சந்தா அடங்கிய கைப்பேசித் திட்டத்துக்கு மாறினால், கணக்கு திறக்கும், கூடத்துத் தொலைக்காட்சியில் மட்டும் படம் வராது. இது பழுதல்ல, சந்தாவின் எல்லை. பேக்கேஜில் உள்ளதைவிட உயர்ந்த சந்தா வேண்டுமென்றால், வித்தியாசத் தொகையை மட்டும் கட்டி உயர்த்திக்கொள்ளவும் சில திட்டங்கள் இடம் தருகின்றன.

நிறுவனத்தையே மாற்றுவது வேறு கதை. மலேசியாவில் 2008 முதல் கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறலாம். எண் கூடவே வருவதால் எல்லாம் கூடவே வரும் என்று தோன்றும். ஆனால் பழைய நிறுவனத்தில் அந்த இணைப்பு முடித்துவைக்கப்பட்டுவிட்டது. அந்த நிறுவனம் கட்டிவந்த சந்தாவும் அதோடு முடிகிறது. 24 மாத ஒப்பந்தம் பாதியில் இருந்தால் முறிவுக் கட்டணமும் சேரலாம்.

ஆகவே மாற்றத்துக்கு முன் செய்ய வேண்டியவை சில. நெட்ஃபிளிக்ஸ் கணக்குப் பக்கத்தைத் திறந்து, கட்டணம் செலுத்துவது யார் என்பதைப் பார்க்க வேண்டும்; அங்கே உள்ள மின்னஞ்சலைக் குறித்துக்கொண்டு, அது இன்னும் திறக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பழைய உரிமை எந்தத் தேதியில் முடியும், புது லிங்க் எப்போது வரும், சந்தாவின் தரம் என்ன என்ற மூன்றையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். லிங்க் வந்ததும் பழைய கணக்கிலேயே நுழைய வேண்டும். அதன்பின் கணக்குப் பக்கத்தில் புதுப் பேக்கேஜின் பெயர் தெரிந்தால் மாற்றம் முடிந்தது. தெரியாவிட்டால் முதலில் நிறுவனத்திடம் புகார் எண் பெற வேண்டும். தீர்வு கிடைக்காதபோது மலேசியத் தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்தில் முறையிடலாம். அங்கே அந்தப் புகார் எண்ணும், எழுத்தில் பெற்ற பதிலும், இரண்டு மாத பில்லுமே சான்றாகும்.