நன்றி சொன்ன பிறகு என்ன எழுதுவது?

"நேர்காணலுக்கு அழைத்ததற்கு மிக்க நன்றி. உங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்." கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்க உட்கார்ந்த நாள்களில் இந்த மின்னஞ்சலை எத்தனை முறை படித்திருப்பேனோ! யார் அனுப்பியது என்று ஒருமுறைகூட நினைவில் நின்றதில்லை.

ஒரு பெண் அனுப்பியது மட்டும் நின்றது. நேர்காணலில் அவர் ஒரு கேள்வியில் சறுக்கியிருந்தார். உள்ளீட்டு வரி வரவு எடுக்க எந்தப் படிவத்தைப் பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு, ஜிஎஸ்டிஆர்-2ஏ என்றார். மறுநாள் காலை ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் சாரம் இது:

"நேற்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. 2ஏ என்று நான் சொன்னது தவறு. சப்ளையர்கள் தாக்கல் செய்யச் செய்ய அது மாறிக்கொண்டே இருக்கும். 14-ம் தேதி உருவாகும் 2பி-யை வைத்துத்தான் வரவு எடுக்க வேண்டும். சப்ளையர்கள் பில்லை ஏற்றத் தாமதிப்பதுதான் பெரிய தலைவலி என்றீர்கள். மாதாந்திரத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ம் தேதி என்பதால், இப்போது வேலை பார்க்கும் இடத்தில் 8-ம் தேதியே அவர்களுக்கு போன் செய்துவிடுவேன். நீங்கள் கேட்ட அனுபவச் சான்றிதழை இணைத்திருக்கிறேன்."

நன்றி ஒரு வரிதான். தவறைத் திருத்தியபோது 'பதற்றத்தில் சொல்லிவிட்டேன்' என்று சாக்குச் சொல்லவில்லை. சரியான விடையையும் அதற்கான காரணத்தையும் மட்டும் எழுதினார். அதைவிட எனக்குப் பிடித்தது அந்த 8-ம் தேதிதான். போகிற போக்கில் நான் புலம்பியதைக் காதில் வாங்கி, தான் ஏற்கெனவே செய்துவரும் வழியைச் சொல்லியிருந்தார். இதை வேறு எந்த நிறுவனத்துக்கும் அப்படியே அனுப்ப முடியாது.

ஆனால் திருத்தம் ஒன்றோடு நிற்க வேண்டும். சறுக்கிய நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதினால், நாங்கள் கவனிக்காமல் விட்டதையும் நீங்களே காட்டிக்கொடுத்ததாகிவிடும். அடிப்படையே தெரியாதவரை எந்த மின்னஞ்சலும் காப்பாற்றாது. இரண்டு பேரில் யார் என்று நாங்கள் தயங்கும்போதுதான் அது கைகொடுக்கும். சம்பளப் பேச்சும் இதில் வேண்டாம்.

இந்த மின்னஞ்சலை ஒரு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். அதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாளோ மதிப்பெண் தாளை நிரப்பி எச்.ஆரிடம் கொடுத்துவிடுவோம். அதற்குப் பிறகு வருகிற திருத்தத்தைப் படிப்போம், ஆனால் தாளைத் திரும்ப வாங்க மாட்டோம். அதனால் கட்டடத்தை விட்டு இறங்கியதும், பேருந்திலேயே, கேட்ட கேள்விகளையும் அவர்கள் சொன்ன சிக்கல்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவுக்குள் பாதி மறந்துவிடும்.

கேள்வி கேட்டவரின் முகவரி தெரியாவிட்டால், அழைப்பு அனுப்பிய எச்.ஆருக்கே எழுதி, அவரிடம் சேர்க்கச் சொல்லலாம். மூன்று பேர் கேட்டிருந்தால், ஒவ்வொருவருக்கும் அவரவர் பேசியதை வைத்துத் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே கடிதத்தை மூவருக்கும் அனுப்பினால், அடுத்தடுத்த மேஜையில் இருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். நாங்கள் பார்த்திருக்கிறோம்.